பத்து விநாடிச் சேமிப்பு

மயாமி பல்கலைக்கழகத்தில் 'மயாமி புராஜெக்ட்' என்றொரு ஆய்வு மையம் இருக்கிறது. நரம்பியல் அறுவை மருத்துவர் பார்த் கிரீனும், நிக் பவோனிகான்டி என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரும் சேர்ந்து 1985-ல் அதைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் பவோனிகான்டியின் மகன் மார்க், ஆட்டக்களத்தில் கழுத்தில் அடிபட்டு, தோளுக்குக் கீழே செயலிழந்துபோனார். இப்படிப்பட்ட உடல் செயலிழப்பைக் குணப்படுத்தும் வழியைத் தேடத்தான் அந்த மையம் உருவானது. ஆனால் அங்கே வந்து போகிறவர்களுக்கு, குணமாகும் நாள் வரும்வரை அன்றாடம் கட்டிலிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது. சட்டை போட வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியைச் சரிவுப் பாதையில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. எஞ்சியிருக்கும் தசைகளைக் கொண்டு இதையெல்லாம் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்ய முடியுமா என்பதும் அங்கே ஆராயப்பட்டது. அந்த ஆய்வுகளில் ஒன்று, உடற்பயிற்சிக் கூடங்களில் டப்பா டப்பாவாக விற்கும் ஒரு வெள்ளைப் பொடியைப் பற்றியது.

பேட்ரிக் ஜேக்கப்ஸும் அவருடைய குழுவினரும் (பார்த் கிரீனும் அதில் ஒருவர்) 2002-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். கழுத்துத் தண்டுவடம் சி5 முதல் சி7 வரையிலான மட்டத்தில் முழுமையாகச் சேதமடைந்த 16 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். அந்த எழுத்தும் எண்ணும் சொல்வது என்ன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாமே அந்த எண்களில்தான் நிற்கிறது.

தண்டுவடத்தின் ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் குறிப்பிட்ட சில தசைகளுக்கு நரம்பு போகிறது. ஐந்தாம் கழுத்து மட்டம் வேலை செய்தால் முழங்கையை மடக்கலாம். தட்டிலிருந்து வாய்வரை கையைக் கொண்டுபோகலாம். ஆறாம் மட்டமும் வேலை செய்தால் மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தலாம். ஏழாம் மட்டம் இருந்தால் மேற்கையின் பின்புறமுள்ள டிரைசெப்ஸ் இயங்கும். முழங்கையை நீட்டி, உள்ளங்கையை இருக்கையில் ஊன்றி, உடம்பைத் தூக்கலாம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பிறர் துணையின்றி மாறுவதற்கு இந்த ஒரு தசை எவ்வளவு முக்கியம் என்பது எந்த பிசியோதெரபிஸ்டைக் கேட்டாலும் தெரியும். ஒரு மட்டம் மேலே அடிபட்டதா, கீழே அடிபட்டதா என்பது எக்ஸ்ரே படத்தில் ஓர் அங்குல வித்தியாசம்கூட இல்லை. வாழ்க்கையில், தானே குளிப்பதற்கும் இன்னொருவர் குளிப்பாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இதில் மணிக்கட்டின் கதை அலாதியானது. சி6 மட்டத்தில் இருப்பவரால் விரல்களை விருப்பப்படி மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தினால், விரல்களை மடக்கும் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருளும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். அந்த இடுக்கில் ஒரு பேனாவையோ, ஸ்பூனையோ, சாவியையோ பிடித்துக்கொள்ளலாம். மணிக்கட்டைத் தளர்த்தினால் பிடி விட்டுவிடும். நலமாக இருக்கிற எவரும் கையை மேசைமேல் தளர்வாக வைத்து மணிக்கட்டை மட்டும் நிமிர்த்திப் பார்த்தால் இது தெரியும். ஆறாம் மட்டத்துக்காரருடைய முழுப் பிடியும் மணிக்கட்டை நிமிர்த்துகிற அந்தச் சிறிய தசைகளின் வலுவில் தொங்குகிறது. இந்த மணிக்கட்டு பிறகு ஓர் ஆய்வின் மையமாக வரும்.

மயாமிக்குத் திரும்பலாம். 16 பேருக்கும் ஒரு வாரம் நாளொன்றுக்கு 20 கிராம் அந்த வெள்ளைப் பொடி, அதாவது கிரியேட்டின், கொடுக்கப்பட்டது. இன்னொரு வாரம், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மாவுச்சத்துப் பொடி. எந்த வாரத்தில் எது என்று குடித்தவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. இரண்டு வாரங்களுக்கும் நடுவே 21 நாள் இடைவெளி. ஒவ்வொரு வாரத்துக்கு முன்னும் பின்னும் கையால் சுற்றும் மிதிவண்டி போன்ற ஒரு கருவியில் சோதனை. இப்படிப்பட்ட சோதனைகளில் விரல் மடங்காதவர்களின் கையைப் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுவது வழக்கம். இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும், ஒரு நிமிடம் ஓய்வு; பளு ஏற்றப்படும்; மறுபடி இரண்டு நிமிடம், மறுபடி ஓய்வு. இனி முடியாது என்கிற கட்டம்வரை இப்படியே போகும். மூக்கையும் வாயையும் மூடிய கருவி, உள்ளே போகிற, வெளியே வருகிற காற்றை அளந்துகொண்டே இருக்கும்.

கிரியேட்டின் வாரத்துக்குப் பிறகு, உச்சக் கட்டத்தில் அவர்களின் உடல் பயன்படுத்திய ஆக்சிஜனின் அளவு கூடியிருந்தது. வெளியேறிய கரியமில வாயுவும், ஒவ்வொரு மூச்சிலும் இழுத்த காற்றும் கூடியிருந்தன. பொய்ப் பொடி வாரத்தில் அப்படி இல்லை. கழுத்துத் தண்டுவடம் முழுமையாகச் சேதமடைந்தவர்களின் உழைப்புத் திறன், ஒரு வாரப் பொடியால் கூடியது என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள்.

ஏன் கூடியது? அதற்குத் தசைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் பொருள் ஏடிபி. அது தசையில் இருப்பு இருப்பது மிகக் கொஞ்சம். முழு வேகத்தில் உழைத்தால் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் தாங்காது. ஆகையால் அது செலவாகச் செலவாக உடனுக்குடன் திரும்ப உருவாக வேண்டும். சர்க்கரையை உடைத்தும் ஆக்சிஜனைக் கொண்டு எரித்தும் அதை உருவாக்கலாம். ஆனால் இரண்டுக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது பாஸ்போகிரியேட்டின். தன்னிடமுள்ள பாஸ்பேட்டை, செலவழிந்துபோன ஏடிபிக்குத் தூக்கிக் கொடுத்து அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு நொதி, ஒரே ஒரு படி. அதனால்தான் அத்தனை வேகம். சம்பள நாள்வரை தாக்குப்பிடிக்க அரிசிப் பானைக்குள் போட்டு வைத்த பணம் மாதிரி அது: பெரிய தொகை இல்லை, ஆனால் கைநீட்டினால் உடனே கிடைக்கும். முழு வேகத்தில் ஏறத்தாழ பத்து விநாடிக்கு வரும். ஓய்வெடுத்தால், ஆக்சிஜனைக் கொண்டு தசை அதை மறுபடி நிரப்பிக்கொள்ளும். ஒரு நிமிட ஓய்விலேயே பெரும்பகுதி திரும்ப வந்துவிடும்.

கிரியேட்டின் ஏதோ ஆய்வகத்துச் சரக்கு இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரல் 1832-ல் அதை இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து மூன்று அமினோ அமிலங்களிலிருந்து அன்றாடம் ஒரு கிராம் அளவுக்கு அதை உருவாக்குகின்றன. இறைச்சியும் மீனும் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தும் கொஞ்சம் சேரும். முழுச் சைவம் சாப்பிடுபவர்களின் தசையில் அதன் இருப்பு பொதுவாகக் குறைவு. அதனால் பொடியாக உட்கொள்ளும்போது அவர்களிடம் ஏற்றம் அதிகமாகத் தெரிவதுண்டு. 1992-ல் ரோஜர் ஹாரிஸ், எரிக் ஹல்ட்மன் ஆகியோர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: ஐந்து கிராம் வீதம் நாளுக்கு நான்கு வேளை சில நாட்கள் உட்கொண்டால் தசையில் கிரியேட்டின் இருப்பு சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு காலை மட்டும் பயிற்சியில் ஈடுபடுத்தியவர்களிடம், உழைத்த காலில்தான் கிரியேட்டின் அதிகமாகச் சேர்ந்தது. சும்மா இருந்த காலில் அவ்வளவு சேரவில்லை. உழைக்கிற தசைக்கே அது அதிகம் போகிறது. தண்டுவடக் காயத்தைப் பொறுத்தவரை ஆய்வறிக்கையின் இந்தச் சிறு குறிப்பு மற்றெல்லாவற்றையும் விடப் பெரிது.

இப்போது மயாமிச் சோதனையின் அமைப்பைத் திரும்பப் பார்த்தால் முடிவு புரியத் தொடங்கும். இரண்டு நிமிட உழைப்பு, ஒரு நிமிட ஓய்வு. ஒவ்வொரு ஓய்விலும் பாஸ்போகிரியேட்டின் நிரம்பிக்கொள்கிறது. இருப்பு கூடுதலாக உள்ளவர் அடுத்த கட்டத்தைச் சற்று வசதியான நிலையில் தொடங்குகிறார். கழுத்துக் காயம் உள்ளவருக்கு இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளின் தொடர்பும் அறுந்துபோயிருக்கும். எவ்வளவு உழைத்தாலும் இதயத் துடிப்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 110-130-க்கு மேல் ஏறாது. உழைப்பதும் தோளையும் முன்கையையும் சேர்ந்த சில சிறிய தசைகள்தாம். மூச்சு வாங்குவதற்கு முன்பே அந்தத் தசைகள் சோர்ந்துபோய் ஆட்டம் முடிந்துவிடும். தசை இன்னும் ஒரு கட்டம் தாக்குப்பிடித்தால் ஆக்சிஜன் பயன்பாட்டின் உச்சமும் மேலே போகும். ஒரு விரைவு எரிபொருள் ஏன் ஆக்சிஜன் கணக்கில் தன் பலனைக் காட்டியது என்பதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

இந்த ஆய்வில் ஓர் இடறலும் உண்டு. பொடியை நிறுத்திய பிறகு தசையில் ஏறிய கிரியேட்டின் பழைய நிலைக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். 21 நாள் இடைவெளி அதற்குப் போதாமல் இருந்திருக்கலாம். முதல் வாரத்தில் கிரியேட்டின் எடுத்தவர்கள், பொய்ப் பொடி வாரத்துக்குள் நுழையும்போதும் கொஞ்சம் மிச்சத்தோடு இருந்திருப்பார்கள். இது பலனைப் பெரிதாக்கிக் காட்டும் தவறு இல்லை. மறைத்துக் காட்டும் தவறு. இருந்தும் வித்தியாசம் தெரிந்தது என்பது ஆய்வுக்குச் சாதகமான செய்திதான். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சோதனை கருவியில் முடிந்துவிட்டது என்பது. கையால் சுற்றும் கருவியில் கூடிய திறன், கட்டிலிலிருந்து இறங்குவதில் கூடியதா? அந்த ஆய்வு அதை அளக்கவில்லை.

கருவியைத் தாண்டி, அன்றாட வேலையில் பலன் உண்டா என்பதை அளக்கத்தான் சியாட்டிலில் ஸ்டீஃபன் பர்ன்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் முயன்றார்கள். அவர்களின் ஆய்வு 2005-ல் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது நாம் முன்பு பார்த்த மணிக்கட்டை. காயம் பட்டு நாளாகிவிட்ட, மணிக்கட்டை நிமிர்த்தும் தசை வலுவிழந்திருந்த எட்டுப் பேர். ஒரு காலகட்டத்தில் கிரியேட்டின், மற்றொன்றில் பொய்ப் பொடி. இங்கேயும் இரு தரப்புக்கும் தெரியாத முறைதான். மணிக்கட்டின் வலு, அது சோராமல் தாங்கும் திறன், கையால் செய்யும் வேலைகள் ஆகியவை அளக்கப்பட்டன. கருத்து நியாயமானது. வலுவிழந்த தசையில் எஞ்சியுள்ள இழைகள் எப்போதும் தம் எல்லையைத் தொட்டுத்தான் வேலை செய்கின்றன. ஆகையால் சீக்கிரம் சோர்கின்றன. அவற்றுக்குக் கூடுதல் சேமிப்பு கொடுத்தால் பிடி உறுதிப்படலாம்.

உறுதிப்படவில்லை. வலுவிலும் இல்லை, தாக்குப்பிடிப்பதிலும் இல்லை, கை வேலையிலும் இல்லை. கிரியேட்டினால் எந்த நன்மையும் தென்படவில்லை என்று அவர்கள் நேர்மையாக எழுதினார்கள்.

ஒரே பொருள், ஒரே வகைக் காயம், இரண்டு எதிரெதிர் முடிவுகள். எட்டுப் பேர் கொண்ட ஆய்வில் சிறிய பலன் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் சுவையான இடத்தைத் தவறவிட்டதாகிவிடும். இரண்டு ஆய்வுகளிலும் சோதிக்கப்பட்ட தசைகள் வேறு வேறு.

மயாமியில் கருவியைச் சுற்றியதில் பெரும்பங்கு தோளுக்கும் பைசெப்ஸுக்கும். காயத்துக்கு மேலே இருப்பதால் அவற்றுக்குப் போகும் நரம்புகள் பெரும்பாலும் முழுமையாக இருக்கின்றன. மூளை 'சுற்று' என்றால் தசையின் எல்லா இழைகளுக்கும் செய்தி போய்ச் சேர்கிறது. எது முதலில் தீர்கிறது என்றால் எரிபொருள். சியாட்டிலில் சோதித்த மணிக்கட்டுத் தசை காயத்தின் விளிம்பில் இருப்பது. அங்கே தண்டுவடத்துக்குள் அந்தத் தசையை இயக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதி இறந்துபோயிருக்கும். பிழைத்தவை புதுக் கிளைகள் விட்டு, அநாதையாய்ப் போன இழைகளில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும், மற்றவை மெலிந்துபோகும். அதற்கும் மேலாக, மூளையிலிருந்து வரும் கட்டளையே முழுதாக இறங்கி வருவதில்லை. எரிபொருள் தீர்வதற்கு முன்னால் செய்தி தீர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட தசையில் எரிபொருளைக் கூட்டி என்ன பயன்? இந்த விளக்கத்தை இரண்டு ஆய்வுகளும் நேரடியாக நிரூபிக்கவில்லை. ஆனால் இரண்டு முடிவுகளையும் ஒருசேரப் பொருந்த வைப்பது இதுதான். நோயாளிக்குப் பொடியை எழுதிக் கொடுக்கும் முன் ஒரு மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதிலிருந்துதான் பிறக்கிறது: இவருக்குத் தடையாக இருப்பது நரம்பா, தசையின் சோர்வா?

மூன்றாவது ஆய்வு சுவிட்சர்லாந்தில், நாட்வில் என்ற ஊரிலுள்ள பாராபிளீஜியா மையத்தில் நடந்தது. கிளாடியோ பெரே குழுவினர் 2006-ல் வெளியிட்டது. சக்கர நாற்காலிப் பந்தய வீரர்கள் ஆறு பேர். ஆறு நாள், நாளுக்கு 20 கிராம். பிறகு 800 மீட்டர் ஓட்டம். நேரத்தில் முன்னேற்றம் இல்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. தேர்ந்த வீரர்களுக்கு 800 மீட்டர் என்பது இரண்டு நிமிடத்துக்கு உட்பட்ட இடைவிடாத உழைப்பு. பத்து விநாடிச் சேமிப்பு முதல் திருப்பத்திலேயே கரைந்துவிடும். நடுவே ஓய்வு இல்லாததால் நிரம்பிக்கொள்ளவும் வழியில்லை. குறுகிய, கடுமையான, இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்பில்தான் கிரியேட்டின் தன் வேலையைக் காட்டும்.

அப்படிப்பட்ட உழைப்பு மறுவாழ்வுச் சிகிச்சையில் எங்கே வருகிறது? பளுப் பயிற்சியில். இயன்முறைக் கூடத்தில் ஒருவர் பத்து முறை இழுத்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மறுபடி பத்து முறை இழுக்கிறார். கிரியேட்டினால் மூன்றாவது சுற்றில் எட்டுக்குப் பதில் பத்து முறை இழுக்க முடிந்தால், அந்தக் கூடுதல் இரண்டு, வாரக்கணக்கில் சேர்ந்து தசையைப் பெருக்கும். பொடி தானாக வலுவைக் கொடுப்பதில்லை. கூடுதல் பயிற்சிக்கு இடம் கொடுக்கிறது. பெல்ஜியத்தில் பீட்டர் ஹெஸ்பெல் 2001-ல் நலமான இளைஞர்களின் ஒரு காலை இரண்டு வாரம் மாவுக்கட்டில் வைத்து, பிறகு பத்து வாரம் பயிற்சி கொடுத்தபோது இதையே கண்டார். கிரியேட்டின் எடுத்தவர்களின் மெலிந்த தொடை சீக்கிரம் தேறியது. அங்கே நரம்பு முழுமையாக இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

தண்டுவடக் காயம் உள்ளவர்களிடம் பயிற்சியோடு சேர்த்துச் சோதித்தது போர்ச்சுகலில். சாமுவேல் அமோரிம் குழுவினரின் அந்த ஆய்வு 2018-ல் அச்சானது. பதினான்கு பேர், மூன்று பிரிவு: ஒரு பிரிவுக்குக் கிரியேட்டின், ஒன்றுக்கு வைட்டமின் டி, ஒன்றுக்குப் பொய்ப் பொடி. எட்டு வாரம் எல்லாருக்கும் பளுப் பயிற்சி. கிரியேட்டின் அளவு நாளுக்கு வெறும் மூன்று கிராம். 20 கிராம் ஏற்றம் எதுவும் இல்லை. எட்டு வார முடிவில் கிரியேட்டின் பிரிவினரின் மேற்கைத் தசைப் பரப்பும், மேல் உடல் வலிமை சார்ந்த சில அளவுகளும் மற்றவர்களை விடக் கூடியிருந்தன. ஒரு பிரிவுக்கு நான்கைந்து பேர்தான் என்பதால் இதை உறுதியான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் திசை சரியாக இருக்கிறது: பயிற்சியோடு, சின்ன அளவில், நரம்பு வரத்து நல்லபடியாக உள்ள மேற்கைத் தசைகளில்.

இந்த இடத்தில் எலிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தண்டுவடத்தையே கிரியேட்டின் காப்பாற்றும் என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. சூரிச்சில் ஹவுஸ்மன், வாலிமன், ஷ்வாப் ஆகியோர் எலிகளுக்கு நான்கு வாரம் கிரியேட்டின் கலந்த தீனி கொடுத்து, அதன் பிறகு தண்டுவடத்தில் காயம் ஏற்படுத்தினார்கள். கிரியேட்டின் தின்ற எலிகள் தொடக்க நாட்களில் சற்று நன்றாக நடந்தன. காயத்தைச் சுற்றிய தழும்பும் குறைவாக இருந்தது. அது 2002-ல். மறு ஆண்டு கென்டக்கியில் ரப்செவ்ஸ்கி குழு அதேபோல் செய்தபோது, தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதி கொஞ்சம் கூடுதலாகத் தப்பியது, ஆனால் எலிகளின் நடையில் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் எலிகள் அடிபடுவதற்கு முன்பே கிரியேட்டின் தின்றிருந்தன. நான்கு வாரம் கழித்து விபத்தில் சிக்கப்போகிறோம் என்று எந்த மனிதருக்கும் தெரியாது. அடிபட்ட பிறகு டப்பா வாங்கி வருகிற குடும்பத்துக்கு அந்த எலிகளைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது பெரும் அநியாயம்.

எடுத்துக்கொள்ள முடிவு செய்கிறவருக்கு ஏற்படக்கூடிய சிக்கல்களும் நலமானவர்களின் சிக்கல்களைப் போன்றவை அல்ல. ஒன்று எடை. தசைக்குள் கிரியேட்டின் ஏறும்போது கூடவே நீரையும் இழுக்கும். 20 கிராம் ஏற்றத்தில் முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ கூடலாம். ஓடுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. உள்ளங்கையை ஊன்றித் தன் முழு எடையையும் கைகளாலேயே தூக்கி மாறுகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் தோளில் தெரியும். இன்னொன்று வயிறு. ஒரே வேளையில் அதிகமாகக் குடித்தால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். தண்டுவடக் காயம் உள்ளவர்கள் மலம் கழிப்பதை நேரம் குறித்து ஒழுங்குபடுத்தி வைத்திருப்பார்கள். அந்த ஒழுங்கு ஒரு நாள் குலைந்தால் உடை, இருக்கை, பிறர் உதவி, சில சமயம் ஈரத்தால் வரும் தோல் புண் என்று அது நீளும். மூன்று கிராம் வீதம் நான்கு வாரம் எடுத்தாலும் தசை கிட்டத்தட்ட அதே அளவுக்கு நிரம்புகிறது என்று ஹல்ட்மன் குழு 1996-லேயே காட்டிவிட்டது. அவசரம் இல்லாத மறுவாழ்வுச் சிகிச்சையில் 20 கிராம் ஏற்றத்துக்கு அவசியமே இல்லை.

ஆனால் பேசப்படாமல் போகும் பெரிய சிக்கல், ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கிறது.

தசையிலுள்ள கிரியேட்டினில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு அன்றாடம் கிரியேட்டினினாக மாறி, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானால் கிரியேட்டினின் ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகத்தின் நிலையை மருத்துவர்கள் அறிவது இந்த எண்ணை வைத்துத்தான். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கண்காணிப்பது உயிர் காக்கிற விஷயம். சிறுநீர்ப்பை தானாக வடியாமல், கதீட்டரை நம்பி வாழ்கிறவர்களுக்குக் கிருமித் தொற்றும் பின்னழுத்தமும் சிறுநீரகத்தை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் அரித்துவிடும்.

இப்போது முப்பத்தைந்து வயது ஆண் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். காயம் பட்டுப் பல ஆண்டுகள் ஆனவர். கால், இடுப்புத் தசைகள் மெலிந்துவிட்டன. அவருடைய கிரியேட்டினின் 0.5 என்று வருகிறது. ஆய்வகத் தாளில் ஆண்களுக்கான இயல்பு அளவு 0.7 முதல் 1.3 வரை என்று அச்சிட்டிருக்கும். வயதையும் பாலையும் மட்டும் பார்க்கிற சூத்திரத்தில் அந்த 0.5-ஐப் போட்டால் சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்வதாகக் காட்டும். உண்மையில் எண் தாழ்ந்திருப்பது தசை குறைந்ததால். சிறுநீரகம் பாதி பழுதாகியிருந்தாலும் அவருடைய எண் இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்கக்கூடும். அடுத்து அவர் கிரியேட்டின் எடுக்கத் தொடங்குகிறார். எண் 0.7 ஆகிறது. பொடி கூடுதலாகப் போவதால் கழிவும் கூடியதா, சிறுநீரகம் நிஜமாகவே சரியத் தொடங்கியதா? கிரியேட்டினினை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. தாளைப் பார்க்கிறவர் "நார்மல்தான்" என்று சொல்லி மூடி வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. பழைய தாளோடு ஒப்பிட்டுப் பதறிப்போய்ப் பொடியை நிறுத்தச் சொல்லும் வாய்ப்பும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. சிஸ்டாட்டின் சி என்றொரு புரதத்தை உடலின் செல்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே சீராக வெளியிடுகின்றன. தசையின் அளவு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, கிரியேட்டின் பொடியும் பாதிப்பதில்லை. பொடியைத் தொடங்கும் முன் சிஸ்டாட்டின் சி-யையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், பிறகு கிரியேட்டினின் ஏறும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம். கிரியேட்டினின் மட்டும் ஏறி, சிஸ்டாட்டின் அப்படியே இருந்தால் காரணம் பொடி. இரண்டும் சேர்ந்து ஏறினால் பொடியை நிறுத்திவிட்டுச் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இந்தப் பொடியையே தொடாமல் இருப்பது நல்லது. அவசரப் பிரிவில் சேர நேர்ந்தால், "கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று முதல் மருத்துவரிடமே சொல்லிவிட வேண்டும்.

பலன் தெரிகிறதா என்பதைப் பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். தோளும் மேற்கையும் நன்றாக இயங்குகிற, வாரம் இரண்டு மூன்று நாள் பளுப் பயிற்சி செய்கிற ஒருவர் நாளுக்கு மூன்று கிராம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தசைத் தடிமனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தொடங்கும் முன் மூன்று விஷயங்களை எழுதி வைக்கலாம்: கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே அடுத்தடுத்து எத்தனை முறை மாற முடிகிறது, வழக்கமாக ஏறும் சரிவுப் பாதையில் எங்கே நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, கடைசிச் சுற்றில் அதே பளுவை எத்தனை முறை இழுக்க முடிகிறது. எட்டு வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே நாற்காலியில், டயரில் அதே காற்றழுத்தத்தோடு திரும்ப அளக்க வேண்டும். மூன்றாவது மட்டும் கூடி, முதல் இரண்டும் அப்படியே இருந்தால், பொடி தசையோடு நின்றுவிட்டது என்று பொருள். பயிற்சியை மாறுதல் அசைவுகளுக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கலாம். மூன்றுமே கூடாவிட்டால் டப்பாவைத் தொடர்ந்து வாங்கக் காரணமில்லை.

ஆய்வாளர்கள் செய்ய வேண்டியதும் ஏறத்தாழ இதுவே. நிறையப் பேரை வைத்து, காய மட்டத்தின்படி பிரித்து, ஆறு மாதமாவது நீளும்படி. மயாமி முதல் போர்ச்சுகல்வரை இங்கே சொன்ன மனித ஆய்வுகள் நான்கிலும் பங்கேற்ற காயமுற்றவர்களைக் கூட்டினால் 44 பேர்தான் வருகிறார்கள். பெண்களைப் பற்றியோ, காயம் பட்ட முதல் சில மாதங்களில் மருத்துவமனையில் தசை வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும் நிலையில் இருப்பவர்களைப் பற்றியோ இந்த ஆய்வுகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த முதல் மாதங்களில்தான் தோள் தசையைக் காப்பாற்றுவதால் கிடைக்கும் லாபம் அதிகம். கையை ஊன்றி எழுந்து மாறக் கற்றுக்கொள்வதும் அப்போதுதான்.